தீபாவளி விற்பனை, டிசம்பர் பணம்

சிறு தொழில் நடத்துகிறவர்கள் ஆடிட்டரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "லாபம்னு காட்டுறீங்க சார், அந்தப் பணம் எங்கே?" நியாயமான கேள்விதான். பதிலும் அதே கணக்குக்குள் இருக்கிறது. ஆனால் வருடம் முடிந்து கணக்கு வந்தபின் அதைத் தெரிந்துகொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பணம் எந்த மாதத்தில் எங்கே போய் உட்காரும் என்பதை முன்கூட்டியே பார்க்க ஒரு வழி இருக்கிறது. விற்பனை, உற்பத்தி, கொள்முதல், ரொக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் போட்டு, ஒரு தாளில் கிடைத்த எண்ணை அடுத்த தாளுக்கு எடுத்துப் போய், கடைசியில் அந்தக் காலம் முடியும் நாளில் தொழிலின் இருப்புநிலைக் குறிப்பு எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்ப்பது. இந்தத் தாள்களின் தொகுப்பைத்தான் மாஸ்டர் பட்ஜெட் என்கிறார்கள்.

கோயம்புத்தூரில் டேபிள் டாப் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு பட்டறையை வைத்துப் பார்ப்போம். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதைச் செய்கிறவர்களில் பலர் மோட்டாரை ஒருவரிடமும் கல்லை இன்னொருவரிடமும் வாங்கிப் பொருத்தி விற்கும் சிறு முதலாளிகள். நாம் பார்க்கப் போகும் பட்டறையும் எண்களும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வருகிற ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வோம். திட்டம் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் ஆகிய மூன்று மாதங்களுக்கு.

முதல் தாள் விற்பனை. டீலருக்குப் போகும் விலை ஒரு கிரைண்டருக்கு 4,000 ரூபாய். சாதாரண மாதத்தில் 400 கிரைண்டர் போகும். ஆகஸ்டில் அதே 400, டீலர்கள் சரக்கு சேர்க்கத் தொடங்கும் செப்டம்பரில் 600, அக்டோபரில் 900, தீபாவளி முடிந்த நவம்பரில் மறுபடி 400. மூன்று மாதத்தில் 1,900 கிரைண்டர், 76 லட்சம் ரூபாய். இந்த எண்ணை முதலாளி தன் ஆசைப்படி எழுதக்கூடாது. எந்த டீலர் போன தீபாவளிக்கு எத்தனை எடுத்தார், அதில் எத்தனை திரும்பி வந்தது என்ற பழைய பில் புத்தகத்திலிருந்து எழுத வேண்டும். பின்னால் வரும் எல்லாத் தாள்களும் இதன்மேல்தான் நிற்கின்றன.

உற்பத்தித் தாளின் கணக்கு எளிது. விற்க வேண்டியதோடு மாதக் கடைசியில் கையில் இருக்க வேண்டிய சரக்கைக் கூட்டி, மாத ஆரம்பத்தில் இருக்கும் சரக்கைக் கழித்தால் எவ்வளவு செய்ய வேண்டும் என்பது வந்துவிடும். அடுத்த மாத விற்பனையில் கால்பங்கு எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பது பட்டறையின் வழக்கம். ஆகஸ்ட் முதல் தேதி 100 கிரைண்டர் இருக்கிறது. வழக்கப்படி போட்டால் ஆகஸ்டில் 450, செப்டம்பரில் 675, அக்டோபரில் 775 செய்ய வேண்டும்.

இங்கேதான் முதல் முட்டுக்கட்டை. கல்லைப் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, ஆட்டம் சரிபார்த்து அனுப்பும் மேடையில் மாதம் 650-க்கு மேல் நகராது. இதை அக்டோபரில் கண்டுபிடித்தால் டீலரிடம் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஜூலையிலேயே தெரிந்தால் வேலையை முன்னே இழுத்துக்கொள்ளலாம். செப்டம்பரிலும் அக்டோபரிலும் 650 வீதம் செய்தால், மிச்சமுள்ள 600-ஐ ஆகஸ்டிலேயே செய்தாக வேண்டும். கூட்டினால் அதே 1,900.

மேடைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு இது வெறும் நாள் மாற்றம். பணப்பெட்டிக்கு அப்படியில்லை. நவம்பரில் வீடுகளுக்குப் போகப்போகும் கிரைண்டருக்கு மோட்டாரும் கல்லும் ஆகஸ்டிலேயே வாங்கியாக வேண்டும்.

கொள்முதல் தாள் அதைத்தான் சொல்கிறது. மோட்டார், கல், ஸ்டீல் டிரம், பாடி, மற்ற உதிரிகள் எல்லாம் சேர்த்து ஒரு செட் 2,400 ரூபாய். அதில் மோட்டார் மட்டும் 1,100. அடுத்த மாத உற்பத்திக்குத் தேவையானதில் பாதி செட் மாதக் கடைசியில் ஸ்டோரில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்தில் 200 செட் இருக்கிறது. 600 செய்ய வேண்டும், கடைசியில் 325 இருக்க வேண்டும். எனவே ஆகஸ்டில் 725 செட் வாங்க வேண்டும். செப்டம்பரில் 650. அக்டோபரில் 525 போதும், ஏனென்றால் நவம்பரில் 400 மட்டுமே செய்யப் போகிறோம். ரூபாயில் முறையே 17.40, 15.60, 12.60 லட்சம். சாதாரண மாதத்தில் இது 9.60 லட்சம்தான். விற்பனை 400 ஆகவே இருக்கும் ஆகஸ்டில் கொள்முதல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டதைக் கவனியுங்கள். விற்பனைப் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கொள்முதல் செய்கிறவர் இதைத் தவறவிடுவார்.

இதுவரை எல்லாம் எண்ணிக்கை. ரொக்கத் தாளில் வேறு ஒரு கேள்வி: வாங்கியதும் விற்றதும் எந்தத் தேதியில் பணமாகின்றன? உதிரி சப்ளையர்களுக்கு ஒரு மாதம் கழித்துப் பணம் தருகிறார்கள். டீலர்கள் சரக்கு எடுக்கும்போது கால்பங்கு தருவார்கள், மீதி முக்கால்பங்கு இரண்டு மாதம் கழித்து வரும். கூலி கிரைண்டருக்கு 400 ரூபாய், அந்தந்த மாதமே கொடுத்தாக வேண்டும். வாடகை, மின்சாரம், ஆபீஸ் செலவு, முதலாளி தனக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 3.50 லட்சம். அக்டோபரில் தொழிலாளர்களுக்குத் தீபாவளி போனஸ் 1.80 லட்சம். அது போன நிதியாண்டுக்கானது. மார்ச் கணக்கிலேயே செலவாக எழுதியாயிற்று, கொடுப்பதுதான் பாக்கி. ஆகஸ்ட் முதல் தேதி வங்கியில் இருப்பது 2 லட்சம்.

லட்சத்தில் போட்டால் இப்படி வருகிறது:

| | ஆகஸ்ட் | செப்டம்பர் | அக்டோபர் |
|---|---|---|---|
| தொடக்க இருப்பு | 2.00 | 2.50 | −3.00 |
| டீலர்களிடம் வசூல் | 16.00 | 18.00 | 21.00 |
| சப்ளையர்களுக்கு | 9.60 | 17.40 | 15.60 |
| கூலி | 2.40 | 2.60 | 2.60 |
| மாதச் செலவு | 3.50 | 3.50 | 3.50 |
| போனஸ் | – | – | 1.80 |
| முடிவு இருப்பு | 2.50 | −3.00 | −5.50 |

அக்டோபர் பத்தியைப் பாருங்கள். வருடத்திலேயே அதிகமாக விற்கும் மாதம் அது. 36 லட்சத்துக்குச் சரக்கு வெளியே போகிறது. அந்த மாதக் கடைசியில்தான் வங்கிக் கணக்கு ஐந்தரை லட்சம் பள்ளத்தில் கிடக்கிறது. அதே கணக்கை இன்னும் இரண்டு மாதம் நீட்டினால் நவம்பர் கடைசியில் பள்ளம் 1.20 லட்சமாகச் சுருங்குகிறது, டிசம்பர் கடைசியில் 15.10 லட்சம் கையில் நிற்கிறது. தீபாவளிக்கு விற்றதன் பணம் வந்து சேர்வது டிசம்பரில்.

நஷ்டம் எங்காவது இருக்கிறதா என்றால் இல்லை. ஒரு கிரைண்டரில் உதிரியும் கூலியும் போக 1,200 ரூபாய் நிற்கிறது. 1,900 கிரைண்டருக்கு 22.80 லட்சம். மூன்று மாதச் செலவு 10.50 லட்சம், இயந்திரத் தேய்மானம் 1.50 லட்சம். கழித்தால் லாபம் 10.80 லட்சம். ஆக, பத்து லட்சத்துக்கு மேல் லாபம் ஈட்டிய அதே மூன்று மாதத்தில் வங்கி இருப்பு ஏழரை லட்சம் குறைந்திருக்கிறது. ஆடிட்டரிடம் கேட்ட கேள்வி இதுதான். பதில் கடைசித் தாளில் இருக்கிறது. இதுவும் லட்சத்தில்:

| | ஆகஸ்ட் 1 | அக்டோபர் 31 |
|---|---|---|
| இயந்திரங்கள் | 18.00 | 16.50 |
| கிரைண்டர் கையிருப்பு | 2.80 | 2.80 |
| உதிரி கையிருப்பு | 4.80 | 4.80 |
| டீலர்கள் தரவேண்டியது | 24.00 | 45.00 |
| வங்கி இருப்பு | 2.00 | – |
| மொத்தச் சொத்து | 51.60 | 69.10 |
| சப்ளையர்களுக்குத் தரவேண்டியது | 9.60 | 12.60 |
| போனஸ் பாக்கி | 1.80 | – |
| வங்கிக் கடன் | – | 5.50 |
| முதலாளியின் மூலதனம் | 40.20 | 51.00 |
| மொத்தப் பொறுப்பு | 51.60 | 69.10 |

டீலர்கள் தரவேண்டியது 24-லிருந்து 45 லட்சமாகிவிட்டது. லாபம் முழுவதும், அதற்கு மேல் கிட்டத்தட்ட அதே அளவும், அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. இடையில் செப்டம்பர் கடைசிக்கு ஒரு இருப்புநிலைக் குறிப்பு எழுதிப் பார்த்தால் இன்னும் சுவாரசியம்: அந்த நாளில் கையிருப்புச் சரக்கு 7.60 லட்சத்திலிருந்து 17.60 லட்சமாக வீங்கியிருக்கும். முதலில் பணம் சரக்காகிறது, அக்டோபரில் அந்தச் சரக்கு டீலர் பாக்கியாகிறது, டிசம்பரில்தான் மறுபடி பணமாகிறது. அக்டோபர் கடைசிக் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்குச் சரக்கு வீங்கி வடிந்ததே தெரியாது, ஏனென்றால் தொடக்கத்திலும் முடிவிலும் அதே 100 கிரைண்டர், அதே 200 செட்.

இந்தத் தாள் கடைசியில் வருவதற்கு இன்னொரு பயன் உண்டு. மற்ற தாள்கள் ஒன்றோடொன்று சரியாகக் கோக்கப்பட்டிருக்கின்றனவா என்று சோதிக்கும் தராசு இது. இரண்டு பக்கமும் 69.10 வந்தால் கோத்தது சரி. வரவில்லையென்றால் வித்தியாசத்தின் அளவே பெரும்பாலும் தவறைக் காட்டிக் கொடுக்கும். 1.50 லட்சம் இடித்தால் தேய்மானத்தை ரொக்கச் செலவாகவும் எழுதிவிட்டோம் என்று பார்க்கலாம். தேய்மானத்துக்கு யாரும் காசோலை எழுதுவதில்லை. 1.80 இடித்தால் போனஸ் கொடுத்தாயிற்று, பாக்கியிலிருந்து எடுக்க மறந்துவிட்டோம்.

இதில் ஒரே ஒரு கள்ளத்தனம் நடக்கும். வங்கி இருப்பு என்ற இடத்தில் ரொக்கத் தாளின் எண்ணை எடுத்துப் போடாமல், இரண்டு பக்கமும் சரியாக வர என்ன தேவையோ அதைப் போட்டு முடித்துவிடுவார்கள். அவசரத்தில் தயாராகும் பல வங்கிக் கடன் விண்ணப்பங்களில் இது நடக்கிறது. அப்படிச் செய்தால் தராசும் இல்லை, சோதனையும் இல்லை. அதேபோல, இரண்டு பக்கமும் சரியாக வந்ததாலேயே விற்பனை மதிப்பீடு சரி என்றாகிவிடாது. அக்டோபரில் 900-க்குப் பதில் 9,000 என்று கனவு கண்டாலும் கூட்டல் சரியாகத்தான் வரும்.

அதனால் கணக்கைப் போட்டு முடித்தபின் அதை ஆட்டிப் பார்க்க வேண்டும். எக்செல் தாளில் செய்வதானால் கால்பங்கு என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் 0.25 என்று தட்டாமல் ஒரே ஒரு கட்டத்தில் எழுதி, மற்றதெல்லாம் அதைப் பார்க்கும்படி செய்வது நல்லது. ஐந்தாம் வரிசையில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் விற்பனை B, C, D பத்திகளில் இருக்கிறது, கால்பங்கு B1-இல் இருக்கிறது என்றால் அக்டோபர் வசூல் இது:

```
=$B$1*D5+(1-$B$1)*B5
```

36 லட்சத்தில் கால், ஆகஸ்டின் 16 லட்சத்தில் முக்கால், மொத்தம் 21 லட்சம். இனி B1-ஐ மாற்றினால் ரொக்கமும் டீலர் பாக்கியும் கூடவே மாறும்.

முதல் ஆட்டம்: அக்டோபரில் 900 போகாமல் 700 மட்டும் போனால்? சரக்கு ஏற்கெனவே செய்தாயிற்று. விற்காத 200 கிரைண்டரில் 5.60 லட்சம் ரூபாய் உதிரியும் கூலியும் ஷெட்டில் முடங்கிக் கிடக்கும். ஆனால் அக்டோபர் ரொக்கத்தில் குறைவது 2 லட்சம் மட்டுமே, ஏனென்றால் அந்த விற்பனையின் முக்கால்பங்கு எப்படியும் டிசம்பரில்தான் வரும். பள்ளம் 7.50 லட்சமாகும்.

இரண்டாவது ஆட்டம்: விற்பனை திட்டப்படியே நடக்கிறது, ஆனால் ஆகஸ்ட் பாக்கியில் பாதியை டீலர்கள் "தீபாவளி முடிஞ்சு தர்றோம்" என்று ஒரு மாதம் தள்ளிவிடுகிறார்கள். அக்டோபரில் வரவேண்டிய 12 லட்சத்தில் 6 லட்சம் வராது. பள்ளம் 11.50 லட்சம். ஒரு கிரைண்டர்கூடக் குறையாமல் விற்று, பள்ளம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. முதலாளிகள் விற்பனை எண்ணைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். இந்தப் பட்டறையைப் பொறுத்தவரை அதிகம் கடிக்கும் எண் வசூல் தேதி.

சட்டம் இதில் உற்பத்தியாளர் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு செய்த குறு அல்லது சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக்கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் தீபாவளிக்கு 200 கிரைண்டர் எடுக்கும் டீலர்மேல் அந்தச் சட்டத்தை வீசுகிற சிறு முதலாளி அபூர்வம். எனவே பட்ஜெட்டில் எழுத வேண்டியது சட்டம் சொல்லும் 45 நாளை அல்ல, அந்த டீலர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நாளை.

பள்ளத்தை எப்படி நிரப்புவது? டீலருக்கு முழுப்பணம் உடனே தந்தால் 2 விழுக்காடு தள்ளுபடி என்று சொல்லலாம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. கணக்குப் போட்டால், இரண்டு மாதம் கழித்து வரவேண்டிய 3,000 ரூபாயை இன்றே பெற 80 ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம். வருட வட்டியில் அது 16 விழுக்காடு. வங்கியின் கேஷ் கிரெடிட் வட்டியை 11 விழுக்காடு என்று வைத்தாலும் அது மலிவு. தள்ளுபடியை, தவணை தள்ளுவார் என்ற பயமுள்ள ஓரிரு டீலர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது என் விருப்பம்.

வங்கிக்குப் போகும்போது இந்தத் தாள்கள் நேரடியாக உதவும். சிறு தொழில்களுக்கு மதிப்பிட்ட ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 விழுக்காட்டை நடைமுறை மூலதனக் கடனாகத் தரலாம் என்பது நாயக் குழுவின் பரிந்துரைப்படி வங்கிகள் பின்பற்றும் கணக்கு. ஆண்டு விற்பனை 2 கோடி என்றால் 40 லட்சம். இது ஒரு உச்ச அளவைத்தான் சொல்லும். எந்த மாதத்தில் எவ்வளவு எடுப்பீர்கள், எதை வைத்து அடைப்பீர்கள் என்று மேலாளர் கேட்டால் அந்தச் சூத்திரத்தில் விடை இல்லை. செப்டம்பரில் தொடங்கி, அக்டோபர் கடைசியில் உச்சத்துக்குப் போய், டீலர் பாக்கி வந்ததும் டிசம்பரில் அடையும் என்று ரொக்கத் தாள் சொல்கிறது. கேட்க வேண்டிய தொகை 5.50 லட்சம் அல்ல. டீலர் இழுத்தடித்தாலும் தாங்கும்படி 12 லட்சம். வரம்பு வாங்கி வைத்தாலும் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. அது இந்தக் கணக்கில் சில ஆயிரம்தான் என்பதால் மேலே சேர்க்கவில்லை.

மேலே விட்டவற்றில் இரண்டை உண்மையான பட்டறையில் விட முடியாது. ஒன்று ஜிஎஸ்டி. கல் வைத்த வெட் கிரைண்டருக்கு வரியை 2019-ல் 5 விழுக்காடாகக் குறைத்தார்கள், 2022-ல் 18 விழுக்காடாக உயர்த்தினார்கள். மோட்டாருக்கும் 18 விழுக்காடு. வரி 5 விழுக்காடாக இருந்தபோது 4,000 ரூபாய் கிரைண்டருக்கு வசூலிக்கும் வரி 200 ரூபாய், அதற்குள் போகும் 1,100 ரூபாய் மோட்டாருக்கு மட்டும் கட்டிய வரி 198. மற்ற உதிரிகளுக்குக் கட்டிய வரி ஏறக்குறைய முழுவதும் திரும்பப் பெற வேண்டிய பணமாக அரசிடம் நின்றது. உற்பத்தி கூடும் மாதங்களில் அந்தத் தொகையும் கூடியது. இன்னொன்று முன்கூட்டிய வருமான வரி; அதன் இரண்டாம் தவணைக்குக் கடைசி நாள் செப்டம்பர் 15, பள்ளம் தொடங்கும் அதே மாதம். இரண்டுக்கும் ரொக்கத் தாளில் தனி வரி வேண்டும். ஜிஎஸ்டியில் நிலுவை இருந்தால் அதற்குக் கடைசித் தாளிலும் ஒரு வரி.

செப்டம்பர் முதல் வாரம் இந்தத் தாள்களைத் திரும்ப எடுக்க வேண்டும். ஆகஸ்ட் பத்தியில் நடந்ததை எழுதி, வலது ஓரத்தில் நவம்பருக்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும். ஆகஸ்டில் டீலர் ஆர்டர் மந்தமாக இருந்தால் அக்டோபர் உற்பத்தியை 650-லிருந்து இறக்க இன்னும் நேரம் இருக்கிறது. செப்டம்பரில் வாங்க வேண்டிய 650 செட்டையும் குறைக்கலாம். மோட்டார் சப்ளையரிடம் செப்டம்பர் ஆர்டர் போன பிறகு அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.